குடும்பத்துக்குக் குடும்பம் மாறும் கட்டணம்: கவுன்சலருக்கும் டியூஷன் ஆசிரியருக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரே வாரத்தில் இரண்டு குடும்பங்கள் உங்களிடம் வருகின்றன. ஒரு வீட்டில் முழுக் கட்டணம் பெரிய விஷயமே இல்லை. இன்னொரு வீட்டில் அதே தொகை அந்த மாத வாடகையில் கை வைக்கும். இரண்டு குழந்தைகளுக்கும் உங்கள் உதவி ஒரே அளவுக்குத் தேவை. இங்கேதான் ஸ்லைடிங் ஸ்கேல், அதாவது வருமானத்துக்கு ஏற்ப ஏறி இறங்கும் கட்டணம் என்ற ஏற்பாடு வருகிறது.

பெரும்பாலானவர்கள் இதை எப்படிச் செய்கிறார்கள் என்றால், யாராவது கேட்டால் குறைக்கிறார்கள், தயங்கிக் கேட்டால் இன்னும் கொஞ்சம் குறைக்கிறார்கள். கேட்கவே கூச்சப்படுபவர்கள் முழுத்தொகையைக் கொடுத்துவிட்டு மூன்றாம் மாதம் வராமல் போகிறார்கள். ஆக, சலுகை தேவைப்பட்டவருக்குப் போகாமல் கேட்கத் தெரிந்தவருக்குப் போகிறது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் உங்கள் வருமானம் ஏன் குறைந்தது என்று உங்களுக்கே புரியாது. வாரத்துக்கு எவ்வளவு விட்டுக்கொடுக்க முடியும் என்பதை முதலில் எண்ணாக எழுதிவிட வேண்டும், அதற்குப் பிறகுதான் யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வி. இந்த வழிகாட்டியில் மற்றதெல்லாம் அந்த எண்ணிலிருந்துதான் பிறக்கிறது.

கீழே தனியாகத் தொழில் செய்யும் ஒரு கவுன்சலரின் கணக்கை எடுத்துக்கொள்கிறேன். டியூஷனுக்கு எங்கே மாறும் என்பதைப் பின்னால் சொல்கிறேன். நாணயம் எதுவாக இருந்தாலும் பொருந்தட்டும் என்று, ஒரு அமர்வின் முழுக் கட்டணத்தை 100 என்று வைத்திருக்கிறேன். மற்ற எண்கள் எல்லாம் அதே அளவில்தான்.

முதல் படி: உங்களுக்குத் தேவையான சராசரி

நம் கவுன்சலர் வாரத்துக்கு 20 அமர்வுகள் எடுக்கிறார். விடுமுறை, பயிற்சி, உடம்பு சரியில்லாத நாட்கள் எல்லாம் போக ஆண்டுக்கு 44 வாரம் வேலை. அப்படியானால் 880 அமர்வுகள். ஆனால் ரத்தாகிறவை, வராமல் போகிறவை என்று பத்தில் ஒன்று கழன்றுவிடும். மிஞ்சுவது 792. இந்தப் பத்தில் ஒன்று என்பது ஒரு உத்தேசம். உங்கள் பழைய டைரியைப் புரட்டினால் உங்களுடைய உண்மையான எண் கிடைக்கும், அதைப் போடுங்கள்.

வீட்டுக்கு எடுத்துப்போக ஆண்டுக்கு 42,000 வேண்டும். அறை வாடகை, மூத்த கவுன்சலரிடம் பெறும் சூப்பர்விஷன், தொழில் இன்சூரன்ஸ், பயிற்சி, போன், கணக்காளர் என்று 12,000. வரி 9,000. மொத்தம் 63,000.

```
63,000 ÷ 792 = 79.5
```

அதாவது ஒவ்வொரு அமர்வும் சராசரியாக 80 கொண்டுவர வேண்டும். யாரோ ஒருவர் 30 கொடுக்கலாம், இன்னொருவர் 100 கொடுக்கலாம், சராசரி 80-க்குக் கீழே போகக் கூடாது. வாரத்துக்கு 1,600.

இதில் குறிப்பு எழுதும் நேரம், பள்ளியோடோ மருத்துவரோடோ பேசும் நேரம் எதுவும் வரவில்லை, கவனித்தீர்களா? அவை எல்லாம் அந்த 20 அமர்வுகளின் மேல்தான் சவாரி செய்கின்றன. அதனால்தான் சலுகை இழப்பை ஈடுகட்ட அமர்வை 26 ஆக்கிவிடலாம் என்று யோசிப்பது ஆபத்து. ஒரு அமர்வு கூடினால் அதைச் சுற்றியுள்ள வேலையும் கூடும். அப்புறம் சோர்ந்துபோன கவுன்சலரிடம்தான் எல்லாக் குடும்பமும் வரவேண்டியிருக்கும்.

இரண்டாம் படி: முழுக் கட்டணமும் சலுகைப் பையும்

பலர் சறுக்குவது இங்கேதான். தங்களுக்குத் தேவை 80 என்று கண்டுபிடித்ததும் அதையே முழுக் கட்டணமாக அறிவித்துவிட்டு அதிலிருந்து கீழே இறங்குகிறார்கள். முழுக் கட்டணமே 80 என்றால் சராசரி ஒருபோதும் 80 ஆகாது. ஒரே ஒருவருக்குக் குறைத்தாலும் பள்ளம்தான். முழுக் கட்டணம் தேவையான சராசரிக்கு மேலே இருந்தால்தான் நடுவில் இடம் கிடைக்கும்.

நம் கவுன்சலர் 100 என்று வைக்கிறார். எல்லாரும் 100 கொடுத்தால் வாரத்துக்கு 2,000 வரும். தேவை 1,600. வித்தியாசம் 400. இதைத்தான் நான் சலுகைப் பை என்கிறேன். அந்த வாரம் அவர் மொத்தமாக விட்டுக்கொடுக்கக்கூடியது அவ்வளவுதான்.

அப்படியென்றால் வசதியுள்ளவர்களிடம் கூடுதலாகப் பிடுங்கி மற்றவர்களுக்குக் கொடுப்பதா என்ற கேள்வி வரும். நியாயமான கேள்வி. பதில், அந்த 100 உங்கள் பயிற்சிக்கும் அனுபவத்துக்கும் அந்தத் துறையில் மற்றவர்கள் வாங்கும் தொகையோடு ஒத்துப்போகிறதா என்பதில் இருக்கிறது. சலுகையே இல்லாத இன்னொரு கவுன்சலரும் அதே 100 வாங்குகிறார் என்றால் யாரும் யாருக்காகவும் கூடுதலாகக் கொடுக்கவில்லை. நீங்கள்தான் உங்கள் லாபத்தில் ஒரு பகுதியை விட்டுத்தருகிறீர்கள். மற்றவர்கள் எல்லாம் 85 வாங்கும் இடத்தில் நீங்கள் 100 கேட்க முடியாது. அப்போது முழுக் கட்டணம் 85, பை வாரத்துக்கு 100 மட்டுமே. சிறிய பைதான், ஆனால் உண்மையான பை. அதில் பாதிக் கட்டண இடம் இரண்டு தாராளமாகக் கொடுக்கலாம்.

மூன்றாம் படி: எத்தனை படிகள், எத்தனை இடங்கள்

நான்கு கட்டணப் படி போதும். 100, 75, 50, 30. பத்துப் படி வைத்தால் ஒவ்வொரு குடும்பமும் பக்கத்துப் படிக்குப் பேரம் பேசும். இரண்டே படி வைத்தால் நடுவில் இருப்பவர்கள் நசுங்குவார்கள்.

கீழ்ப்படியை முடிவு செய்யும்போது அந்த ஒரு மணி நேரத்துக்கு உங்கள் கையிலிருந்து போகும் செலவைப் பாருங்கள். ஆண்டுச் செலவு 12,000, அமர்வு 792. ஒரு அமர்வுக்குச் சுமார் 15. அதனால் 30 என்பது செலவைத் தாண்டிக் கொஞ்சம் மிச்சம் வைக்கிறது. இலவச அமர்வு எடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை. எடுப்பதானால் அதையும் பையிலிருந்தே எடுக்க வேண்டும். ஒரு இலவச இடம் பையில் 100-ஐ விழுங்கும், அதாவது இரண்டு பாதிக் கட்டண இடங்களை.

இப்போது இடங்களைப் பிரிக்கலாம். 75-இல் ஒரு இடம் பையிலிருந்து 25 எடுக்கும். 50-இல் ஒரு இடம் 50 எடுக்கும். 30-இல் ஒரு இடம் 70 எடுக்கும். கவுன்சலர் முதலில் நினைத்தது 75-இல் நான்கு, 50-இல் நான்கு, 30-இல் இரண்டு.

```
4×25 + 4×50 + 2×70 = 440
```

பை 400 தானே, 40 அதிகம். ஒரு பாதிக் கட்டண இடத்தை முழுக் கட்டணத்துக்கு மாற்றினார்.

```
4×25 + 3×50 + 2×70 = 390
```

சரி, இது நிற்கும். முழுக் கட்டணத்தில் 11, சலுகையில் 9. வாரத்துக்கு வருவது 1,610, சராசரி 80.5. இருபதில் ஒன்பது குடும்பம் சலுகையில் வருகிறது, அவர் வருமானமும் குறையவில்லை. கேட்டவருக்கெல்லாம் குறைத்துக்கொண்டிருந்தால் இந்த எண்ணிக்கை தற்செயலாக அமையாது.

இந்தப் பிரிப்பை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொரு இடத்துக்கும் எதிரே அது காலியா, நிரம்பியதா என்று குறித்து வையுங்கள். அடுத்து வரும் ஒவ்வொரு பேச்சிலும் இந்தத் தாள்தான் உங்களுக்கு முதுகெலும்பு.

நான்காம் படி: யாருக்கு எந்தப் படி

வருமானத்தை மட்டும் பார்ப்பது எளிது. ஆண்டு வருமானத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை ஒரு அமர்வுக்கு வாங்குவது சில கவுன்சலர்களிடம் உள்ள பழக்கம். மனக்கணக்குக்கு வசதி. ஆனால் தனி ஆளும் ஆறு பேர் உள்ள வீடும் ஒரே வருமானத்தில் ஒரே நிலையில் இல்லை. அமெரிக்காவில் அரசு நிதி பெறும் சமூக சுகாதார மையங்களின் சலுகை விதி இதனால்தான் வருமானம், குடும்ப எண்ணிக்கை என்ற இரண்டையும் சேர்த்தே பார்க்கிறது.

சேர்த்துப் பார்க்க ஒரு எளிய வழி உண்டு. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு நாடுகளின் வருமானத்தை ஒப்பிடும்போது பயன்படுத்தும் முறை அது. குடும்பத்தின் மொத்த வருமானத்தை, வீட்டில் இருப்பவர்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். எண்ணிக்கையால் நேராக வகுத்தால் பெரிய குடும்பம் இருப்பதைவிட ஏழையாகத் தெரியும். வீடும் விளக்கும் அடுப்பும் பொதுவானவை, நான்கு பேருக்கு நான்கு மடங்கு செலவு ஆவதில்லை. வர்க்கமூலம் அதைச் சரிக்கட்டுகிறது.

கையில் வரும் மாத வருமானத்தை இப்படி வகுத்தபின், நம் கவுன்சலர் வைத்த எல்லைகள் இவை:

- 4,000-க்கு மேல்: 100
- 2,500 முதல் 4,000 வரை: 75
- 1,500 முதல் 2,500 வரை: 50
- 1,500-க்குக் கீழ்: 30

இப்போது மூன்று வீடுகளைப் பாருங்கள். மாதம் 4,500 வாங்கும் தனி ஆளுக்கு 4,500-ஐ 1-ஆல் வகுத்தால் அதே 4,500. முழுக் கட்டணம். அதே 4,500 வாங்கும் இருவர் வீட்டுக்கு 1.41-ஆல் வகுத்தால் சுமார் 3,180. படி 75. மாதம் 6,000 வரும் ஆறு பேர் வீட்டுக்கு 2.45-ஆல் வகுத்தால் சுமார் 2,450. படி 50. வருமானத்தை மட்டும் பார்த்திருந்தால் மூன்றிலும் அதிகம் கொடுத்திருக்க வேண்டியது இந்த ஆறு பேர் வீடுதான்.

எல்லைகள் சரியாக விழுந்திருக்கின்றனவா என்று பார்க்க ஒரு சோதனை: மாதம் நான்கு அமர்வுக்கான தொகை அந்த வீட்டு வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டுகிறதா? தாண்டினால் அந்தப் படி காகிதத்தில் மட்டும்தான் இருக்கும், யாரும் தொடர்ந்து வரமாட்டார்கள் என்பது என் கணிப்பு. மேலே உள்ள தனி ஆளுக்கு 4,500-இல் 400, பத்தில் ஒன்றுக்குச் சற்றுக் கீழே. ஆறு பேர் வீட்டுக்கு 6,000-இல் 200. நிற்கும்.

சம்பளச் சீட்டு கேட்க வேண்டுமா? தனியாகத் தொழில் செய்பவர் கேட்க வேண்டாம் என்பதே என் கருத்து. ஒருவர் வீட்டுக் கணக்கைச் சரிபார்க்கும் அதிகாரியாக அறிமுகமாகிவிட்டு, அடுத்த நிமிடமே அவர் மனம்விட்டுப் பேச வேண்டும் என்று எதிர்பார்ப்பது கடினம். தினக்கூலியிலும் சிறு வியாபாரத்திலும் இருப்பவர்களிடம் காட்ட எந்தச் சீட்டும் இருக்காது. சலுகை அதிகம் தேவைப்படுவதும் அவர்களுக்குத்தான். 1920-இல் பெர்லினில் தொடங்கிய உளப்பகுப்பாய்வு சிகிச்சை மையத்திலேயே நோயாளிகள் தங்களால் முடியும் என்று நினைத்ததைக் கொடுத்தார்கள். சொந்த வாக்கை நம்பும் முறைக்கு நூறு ஆண்டுப் பழக்கம் இருக்கிறது.

வெளியாரின் நிதியில் சலுகை தருகிறீர்கள் என்றால் கதை வேறு. நிதி தருபவர் ஆதாரம் கேட்கலாம். அதேபோல இன்சூரன்ஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் இருந்தால், வெவ்வேறு தொகை வாங்கலாமா என்பதை ஒப்பந்தத்தில் பார்த்துவிட்டுத்தான் இதைத் தொடங்க வேண்டும். சில ஒப்பந்தங்கள் தடுக்கும்.

எண்கள் பிடிக்காத குடும்பங்களுக்கு அதே படிகளை வார்த்தையில் எழுதிக் கொடுக்கலாம். "மாதச் செலவு போக சேமிக்க முடிகிறது, எதிர்பாராத செலவு வந்தால் சமாளிக்க முடியும்" என்றால் 100. "செலவு ஓடுகிறது, சேமிப்பு அதிகம் இல்லை" என்றால் 75. "சில மாதம் ஏதாவது ஒரு செலவைத் தள்ளிப்போட வேண்டியிருக்கிறது" என்றால் 50. "வாடகை, சாப்பாடு, கடன் இவற்றுக்கே போதவில்லை" என்றால் 30. கடன், மருத்துவச் செலவு, ஊரில் இருக்கும் பெற்றோருக்கு அனுப்பும் பணம் எல்லாம் இந்த வாக்கியங்களுக்குள் தானாகவே வந்துவிடும். வருமான எண்ணில் அவை தெரியாது.

ஐந்தாம் படி: முதல் பேச்சு

கட்டணத்தை நீங்களே, அவர்கள் கேட்பதற்கு முன்பே, எல்லாரிடமும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும். வசதியாகத் தெரிகிறவரிடம் படிகளைச் சொல்லாமல் விடுவதும், இல்லாதவராகத் தெரிகிறவரிடம் மட்டும் சொல்வதும் இரண்டுமே தவறு. ஆளைப் பார்த்து வருமானம் தெரியாது.

போனில் இப்படிச் சொல்லலாம்:

"ஒரு அமர்வுக்கு என் கட்டணம் 100. குடும்ப நிலையைப் பொறுத்து 75, 50, 30 என்று வேறு படிகளும் வைத்திருக்கேன். எந்தப் படி யாருக்குன்னு ஒரு பக்கம் எழுதி அனுப்புறேன். வீட்ல கலந்து பார்த்துட்டு எதுன்னு மட்டும் சொல்லுங்க, காரணம் சொல்ல வேண்டாம். அந்தப் படியில் இடம் இருக்கான்னு நான் உடனே சொல்லிடுறேன்."

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். இடம் இல்லாமல் போகலாம் என்பது முதலிலேயே தெரிந்தால், பின்னால் இல்லை என்று சொல்லும்போது அது அவர்களை நிராகரித்ததாக ஆகாது.

அவர்கள் "60 கொடுக்கலாமா?" என்று கேட்டால்? "படி 50, 75 இரண்டுதாங்க. இப்போதைக்கு 50-இல் ஆரம்பிக்கலாம், நிலைமை மாறினா பேசிக்கலாம்" என்று கீழே உள்ளதைக் கொடுங்கள். 10-ஐ இழப்பது நல்லது, இன்றைய ஒரு விதிவிலக்கு நாளை இருபது ஆகும்.

இடம் நிரம்பிவிட்டால் காத்திருப்புப் பட்டியலில் பெயர் எழுதலாம், ஆனால் எத்தனை வாரம் ஆகலாம் என்பதையும் சொல்லுங்கள். அவசரமாக இருந்தால் குறைந்த கட்டணத்தில் பார்க்கும் வேறு இடத்தைக் காட்ட வேண்டும். அமெரிக்க கவுன்சலிங் சங்கத்தின் 2014 நெறிமுறையும் இதையே சொல்கிறது: வழக்கமான கட்டணம் ஒருவருக்குத் தாங்க முடியாத சுமையாக இருந்தால், சட்டம் இடம் தந்தால் குறைக்கலாம், அல்லது அதற்கு நிகரான, அவர்களால் முடிகிற சேவையைத் தேட உதவ வேண்டும். குறைக்க முடியாத நாளில் இந்த இரண்டாவது பாதை இருக்கிறது என்பது பலருக்கு நினைவில் இருப்பதில்லை. இரண்டு மூன்று இடங்களின் விவரத்தை முன்கூட்டியே சேர்த்து வையுங்கள், அவர்கள் உண்மையில் இப்போது ஆள் எடுக்கிறார்களா என்று அவ்வப்போது கேட்டும் வையுங்கள்.

நேரம் ஒதுக்குவதிலும் கவனம் வேண்டும். மாலை நேரம் எல்லாருக்கும் வேண்டும், அதனால் சலுகை இடங்களை மதியத்துக்குத் தள்ளலாம் என்று தோன்றும். தினக்கூலிக்குப் போகும் ஒருவர் மதியம் வந்தால் அரை நாள் சம்பளம் போகும். நீங்கள் குறைத்துக் கொடுத்ததைவிட அது பெரிய தொகையாக இருக்கலாம். ஒன்பது சலுகை இடங்களில் மூன்றோ நான்கோ மாலையில் இருக்கட்டும்.

ஆறாம் படி: எழுத்தும் மறுபார்வையும்

முதல் அமர்வுக்கு முன்பே ஒரு பக்க ஒப்பந்தத்தில் மூன்று விஷயம் எழுதுங்கள். எந்தப் படி, எந்தத் தேதி வரை, ரத்து செய்தால் என்ன. சலுகைக்கு முடிவுத் தேதி கட்டாயம். ஆறு மாதம் நல்ல அளவு. தேதி இல்லாத சலுகை நிரந்தரமாகிவிடும். பிறகு அதை மாற்றக் கேட்பது தண்டனை மாதிரி ஆகிவிடும்.

ஆறு மாதத்தில் அதே ஒரு பக்கத்தை மீண்டும் கொடுத்து, "இப்போ எந்தப் படி?" என்று கேளுங்கள். எல்லாரிடமும் கேளுங்கள், முழுக் கட்டணம் கொடுப்பவர்களிடமும். வேலை போனதை வாய்விட்டுச் சொல்லத் தயங்கிக்கொண்டிருக்கும் ஒருவர் அவர்களில் இருக்கலாம். மேலே மாறுவதானால் எட்டு வாரம் அவகாசம் கொடுக்கலாம். கீழே மாறுவதானால் இடம் இருந்தால் அடுத்த அமர்விலிருந்தே.

வராமல் போன அமர்வுக்கு வாங்கும் தொகை அவரவர் படியில்தான் இருக்க வேண்டும். 30 கொடுப்பவரிடம் ரத்துக்கு 100 வாங்கினால் சலுகைக்கே அர்த்தமில்லை.

டியூஷனில் என்ன மாறும்

ஒருவருக்கு ஒருவர் பாடம் என்றால் கணக்கு அப்படியேதான். குழு வகுப்பில்தான் மாறும். எட்டுப் பேர் உட்காரும் வகுப்பில் ஆறு பேர் இருக்கிறார்கள் என்றால், ஏழாவது பிள்ளை 30 கொடுத்தாலும் உங்களுக்கு இழப்பு இல்லை, அந்த நாற்காலி காலியாகத்தான் இருந்தது. ஆனால் வகுப்பு நிரம்பி முழுக் கட்டணத்தில் ஒருவர் காத்திருக்கும் நாளிலிருந்து அதே நாற்காலி பையில் 70-ஐ எடுக்கிறது. அதனால் குழு வகுப்புக்குப் பையை எப்போதும் நிரம்பிய வகுப்பை வைத்தே போடுங்கள்.

டியூஷனில் பெற்றோர்கள் ஒருவருக்கொருவர் பேசுவார்கள், கவுன்சலிங்கில் அவ்வளவு இல்லை. "உங்க பையனுக்கு எவ்வளவு?" என்ற கேள்வி வாசலிலேயே வரும். படிகளை ஒளிக்காமல் எல்லாருக்கும் எழுதிக் கொடுத்திருந்தால் அந்தப் பேச்சில் சங்கடம் இல்லை. எந்தக் குடும்பம் எந்தப் படி என்பது மட்டும் உங்களைத் தாண்டிப் போகக் கூடாது, பிள்ளைகளுக்குத் தெரியவே கூடாது. பணம் வாங்குவதைப் பிள்ளை கையில் கொடுத்தனுப்பும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்திவிடுங்கள். பயிற்சித் தாள், தேர்வுக்கு முந்தைய கூடுதல் வகுப்பு, சந்தேகம் கேட்கும் நேரம் எல்லாருக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

எங்கே கசியும், எப்படித் தெரியும்

ஒரே நாளில் உடையாது, மெல்லக் கசியும். ஒருவர் 75-இலிருந்து 50-க்கு வருகிறார். முழுக் கட்டணம் கொடுத்த ஒருவர் விலகுகிறார், அந்த இடத்தில் 30-இல் ஒருவரை எடுக்கிறீர்கள், ஏனென்றால் அவர் நிலைமை உண்மையிலேயே மோசம். இரண்டு முடிவும் தனித்தனியாகச் சரி. பையில் 390 ஆக இருந்தது 25-உம் 70-உம் சேர்ந்து 485 ஆகிவிட்டது. வாரத்துக்கு 85 அதிகம். ஆண்டுக் கணக்கில் 85 × 44 × 0.9, சுமார் 3,370. அவர் வீட்டுக்கு எடுத்துப்போவது மாதம் 3,500. கிட்டத்தட்ட ஒரு மாதச் சம்பளம், இரண்டே இரண்டு மாற்றத்தில்.

இதைப் பிடிக்க மாதக் கடைசியில் ஒரே ஒரு வகுத்தல் போதும். வந்த தொகையை நடந்த அமர்வுகளின் எண்ணிக்கையால் வகுங்கள். 80-க்குக் கீழே ஒரு மாதம் போனால் விட்டுவிடலாம். இரண்டு மாதம் தொடர்ந்து போனால் அடுத்து காலியாகும் சலுகை இடத்தை முழுக் கட்டணத்துக்கு மாற்ற வேண்டும். ஏற்கெனவே வந்துகொண்டிருப்பவரின் படியைப் பாதியில் உயர்த்தாதீர்கள், காலியாகும் வரை காத்திருங்கள்.

எண்ணுக்கு முன்பே சில சமயம் மனம் சொல்லிவிடும். ஒரு குறிப்பிட்ட குடும்பத்தின் அமர்வைத் தள்ளிப்போடத் தோன்றுகிறதா? அவர்கள் புது உடையைப் பார்த்து மனதுக்குள் கணக்குப் போடுகிறீர்களா? அவர்களுக்குக் கொடுத்தது நீங்கள் தாங்கக்கூடியதைவிட அதிகம் என்று அர்த்தம். கவுன்சலராக இருந்தால் இதைச் சூப்பர்விஷனில் சொல்லுங்கள். பிறகு தாளைத் திறந்து, அந்த இடம் பைக்குள் இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் வெளியே இருக்கும், முறைக்கு முன்பே வாய்மொழியில் கொடுத்ததாக இருக்கும்.

பாக்கி ஏறுவது இன்னொரு அடையாளம். ஒருவர் நான்கு அமர்வுக்குப் பணம் தரவில்லை என்றால் அவர் தவறான படியில் இருக்கிறார். பாக்கியைத் துரத்துவதற்கு முன் படியைக் கேளுங்கள். கீழ்ப்படியில் இடம் இருந்தால் அங்கே மாற்றிவிட்டு, பழைய பாக்கியைத் தவணையாக வாங்குவதா, தள்ளுபடி செய்வதா என்பதை ஒரே பேச்சில் முடித்துவிடுங்கள். இரண்டாம் அமர்விலேயே பேசிவிட்டால் தொகை சிறியது, கூச்சமும் சிறியது.

வசதியிருந்தும் 50-ஐத் தேர்ந்தெடுப்பவர்கள் வருவார்களா? வருவார்கள், சிலர். ஆனால் இடங்களின் எண்ணிக்கையைக் கட்டிவைத்திருப்பதால் அவர்களால் உங்கள் வருமானத்தை எதுவும் செய்ய முடியாது. இன்னொரு குடும்பத்தின் இடத்தை மட்டும் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். ஆறு மாத மறுபார்வையில் அந்தப் பக்கத்தின் மேலே ஒரு வரி சேருங்கள்: "50, 30 படிகளில் மொத்தம் ஐந்து இடங்கள்தான் உள்ளன." தங்கள் பின்னால் வேறு ஒருவர் காத்திருக்கிறார் என்பது பலருக்கு அதுவரை தோன்றியிருக்காது.

கட்டணத்தை உயர்த்தும்போது

உங்கள் செலவு கூடியிருந்தால் இந்த வழிகாட்டியின் முதல் படியிலிருந்து கணக்கை மறுபடி போடுங்கள். கூடவில்லை, இருந்தும் முழுக் கட்டணத்தை உயர்த்தச் சந்தையில் இடம் இருக்கிறது என்றால், மேல்படியை மட்டும் தொடலாம். நம் கவுன்சலர் 100-ஐ 105 ஆக்குகிறார், மற்ற மூன்று படியும் அப்படியே. 11 இடத்தில் வாரத்துக்கு 55 கூடுகிறது. ஒரு முழுக் கட்டண இடத்தைப் பாதிக் கட்டணத்துக்கு மாற்ற ஆகும் செலவும் 105-இல் 50 போக அதே 55 தான்.

```
10×105 + 4×75 + 4×50 + 2×30 = 1,610
```

வார வருமானம் அதே 1,610. காத்திருப்புப் பட்டியலில் முதலில் இருக்கும் குடும்பத்தைக் கூப்பிடலாம்.